பத்து லட்சக் கோடும் நடு வேரியண்டும்: செட்டிநாட்டில் ஓட்ட எந்தக் கார், எவ்வளவு காசுக்கு?

காரைக்குடியிலோ மதுரையிலோ ஷோரூமுக்குள் போய் ஒரு காரைக் காட்டி விலை கேட்டால், முதலில் வருவது ஒரு விலை அல்ல, ஐந்து விலைகள். உருவம் ஒன்று, இன்ஜின் ஒன்று, கம்பெனி ஒன்று. ஆனால் கீழே உள்ள வேரியண்டுக்கும் மேலே உள்ளதற்கும் மூன்று, நான்கு லட்சம் இடைவெளி. மாருதி ஸ்விஃப்டில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ ஆப்ஷனல், இசட்எக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ பிளஸ் என்று படி ஏறுகிற மாதிரி, மற்றக் கம்பெனிகளும் தத்தம் எழுத்துகளை வைத்து ஏணி கட்டியிருக்கின்றன. பேஸ் எடுத்தால் கஞ்சத்தனம், டாப் எடுத்தால் கௌரவம் என்ற எண்ணம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. கல்யாணச் சீரில் கார் வைக்கிற வீடுகளில் கேட்கவே வேண்டாம். வட்டிக் கணக்கைப் பைசா சுத்தமாகப் பார்க்கிற ஊர், இந்த ஒரு கணக்கை மட்டும் ஏனோ ஷோரூம் பையனிடம் விட்டுவிடுகிறது.

இந்த ஏணி எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அடிப்படியில் இருப்பது விளம்பரத்துக்கான விலை. ‘இவ்வளவு ரூபாய் முதல்’ என்று போடுவதற்காகவே அது பிறக்கிறது. அதில் டச் ஸ்கிரீன் இருக்காது, டிரைவர் சீட்டை உயர்த்தித் தாழ்த்த முடியாது, பின்கண்ணாடியில் வைப்பர் இருக்காது. உச்சிப் படியில் கம்பெனிக்கு லாபம் அதிகம். நடுவில் உள்ள படிகளில்தான் சூட்சுமம். நமக்கு உண்மையிலேயே வேண்டிய ஒரு பொருளை, வேண்டாத மூன்று பொருளோடு கட்டி ஒரு படி மேலே வைத்துவிடுவார்கள். பின்கண்ணாடியைச் சூடாக்கிப் படிந்த ஈரத்தைப் போக்கும் டீஃபாகர் வேண்டுமென்றால் அலாய் வீலையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். சீட் உயரம் மாற்றும் நெம்புகோல் பெரிய செலவுள்ள பொருளே அல்ல. ஆனாலும் கீழ்ப்படியில் அதைத் தர மாட்டார்கள். தந்துவிட்டால் பலர் அதோடு நின்றுவிடுவார்கள்.

ஆகவே எந்தப் படி என்று பார்க்கும்போது எத்தனை வசதி என்று எண்ணுவதில் பயனில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, இதைப் பிறகு வெளியில் போட்டுக்கொள்ள முடியுமா, முடியாதா என்று கேட்க வேண்டும். முடியாது என்றால் அது பாக்டரியிலேயே வர வேண்டியது, அதற்குக் காசு கொடுக்கலாம். முடியும் என்றால் வெளியில் என்ன விலை என்று பார்க்க வேண்டும்.

பிறகு போட முடியாதவை

முதலில் உயிர்க்காப்பு. இதில் சட்டம் ஓரளவு வேலையைச் செய்துவிட்டது. 2019 ஜூலை முதல் எல்லாக் கார்களிலும் டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை, பின் பார்க்கிங் சென்சார் ஆகியவை கட்டாயம். ஏபிஎஸ் பிரேக்கும் அந்த ஆண்டிலேயே கட்டாயமானது. முன்சீட்டுப் பயணிக்கான ஏர்பேக் அதற்குப் பிறகு வந்தது. ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்குவதாக அரசு சொல்லி, தள்ளிப்போட்டு, கடைசியில் கட்டாயம் இல்லை என்று 2023இல் விட்டுவிட்டது. ஆனால் சந்தை தானாகவே அந்தப் பக்கம் போய்விட்டது. 2023 அக்டோபரில் ஹூண்டாய் தன் எல்லா மாடலிலும் எல்லா வேரியண்டிலும் ஆறு ஏர்பேக் என்று அறிவித்தது. 2024 மே மாதம் வந்த புது ஸ்விஃப்ட் அடி வேரியண்டிலிருந்தே ஆறு ஏர்பேக்கோடும் இஎஸ்பியோடும் வந்தது.

அதனால் இன்று பல மாடல்களில் பாதுகாப்புக்காக மேல்படி ஏற வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் எல்லா மாடலிலும் இல்லை. கொட்டேஷன் வாங்கும்போது பேஸ் வேரியண்டைப் பற்றி இரண்டு கேள்விகள் போதும்: பக்கவாட்டு ஏர்பேக்கும் கர்ட்டன் ஏர்பேக்கும் உண்டா? இஎஸ்சி உண்டா? கர்ட்டன் ஏர்பேக் ஜன்னல் ஓரமாக மேலிருந்து கீழே விரிவது. பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் தலையையும் காப்பது. இஎஸ்பி என்றும் சொல்லப்படும் இஎஸ்சி என்பது, நீங்கள் திடீரென ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது வண்டி வழுக்கித் திரும்பாமல் ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து நேராக்குவது. திருப்பத்தூர் ரோட்டில் மாடு குறுக்கே வந்தால் என்ன நடக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். இந்த இரண்டும் பாக்டரியில் வராவிட்டால் எந்த மெக்கானிக்காலும் பிறகு போட முடியாது. அவை கீழ்ப்படியில் இல்லையென்றால், அவை வருகிற படிக்கு ஏறுவதற்குத் தயங்கவே கூடாது. மோதல் சோதனையில் கிடைத்த பாரத் என்கேப் நட்சத்திரம் எத்தனை என்று கேட்பதோடு நிற்காமல், அந்த மதிப்பெண் எந்தெந்த வேரியண்டுக்குப் பொருந்தும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது யார் எங்கே உட்காரப் போகிறார்கள் என்பது. கார் விமர்சனம் செய்கிறவர்கள் எல்லாரும் டிரைவர் சீட்டிலிருந்தே பேசுகிறார்கள். செட்டிநாட்டில் கதை வேறு. ஊரில் வயதானவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். கார் வீட்டில் நிற்கும். பிள்ளையார்பட்டிக்கோ, இளையாத்தங்குடிக்கோ, மதுரை ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டுமென்றால் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுவார்கள். காசு கொடுத்தவர் பின்சீட்டில்தான் உட்காருகிறார். சித்திரை வெயிலில் வெளியே நின்ற காரில் முன்னால் மட்டும் ஏசி துவாரம் இருந்தால், பின்னால் இருப்பவர்கள் கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடி வந்து சேரும்வரை வியர்த்துக்கொண்டுதான் வருவார்கள். ஆகவே பின்பக்க ஏசி துவாரம் நம் ஊருக்கு ஆடம்பரமே அல்ல. நடு கன்சோலுக்குள் குழாய் போட்டுக் கொண்டுவர வேண்டிய பொருள் அது. பிறகு சேர்ப்பது நடக்காத காரியம்.

இதே ஏசியில் இன்னொரு பொருளை மேல்படியில் விற்பார்கள்: ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோல். ஒரே இன்ஜின் உள்ள வேரியண்டுகளில் பொதுவாகக் கம்ப்ரஸர் ஒன்றேதான். குளிர்விக்கும் திறன் கூடுவதில்லை. குமிழைத் திருகுவதற்குப் பதில் எண்ணை அழுத்துகிறோம், அவ்வளவே. ‘டாப் மாடல்ல ஏசி நல்லா இருக்கும் சார்’ என்று யாராவது சொன்னால், இரண்டு வேரியண்டுகளையும் மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நிறுத்தி ஓட்டிப் பாருங்கள்.

பின்கண்ணாடி வைப்பரும் டீஃபாகரும் ஹேட்ச்பேக்குக்கு முக்கியம். பின்புறம் நேராக வெட்டிவிட்ட வண்டியில் சக்கரம் கிளப்பும் செம்மண் புழுதி சுழன்று வந்து கண்ணாடியிலேயே அப்பிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவே சேறாகும். டீஃபாகர் கம்பிகள் கண்ணாடியோடு சேர்ந்து அச்சானவை. பிறகு வேண்டுமென்றால் கண்ணாடியையே மாற்ற வேண்டும். டிரைவர் சீட் உயரமும் இப்படித்தான். ஐந்தடி உள்ள ஒரு ஆச்சி சொந்தமாகக் கார் ஓட்டுகிறார் என்றால், சீட்டை உயர்த்த முடியாத வேரியண்டில் தலையணை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். விபத்தில் தலையணை வழுக்கினால் இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் போய்விடும்.

இப்போது அடுத்த பக்கம். டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, ஸ்பீக்கர், இரவில் கூசாத உள்கண்ணாடி, வயர்லெஸ் சார்ஜர், நல்ல மிதியடி: இவை எல்லாம் வெளியில் கிடைப்பவை. கேமராவோடு கூடிய ஸ்கிரீனைப் பெரும்பாலும் இருபதாயிரத்துக்குள் முடித்துவிடலாம். ஒரே எச்சரிக்கை, வயரை வெட்டக் கூடாது. பல கார்களில் கீழ் வேரியண்டிலும் கப்ளர் தயாராகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதில் செருகினால் போதும். வயரை வெட்டி ஒட்டுப் போட்டால் அந்த எலக்ட்ரிக்கல் பகுதிக்கு வாரண்டி தர மாட்டேன் என்று சர்வீஸ் சென்டர் சொல்லும், சொல்வதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு.

அலாய் வீல் என்ற அழகு

மேல்படியின் முகமே அலாய் வீல்தான், அதனால் அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஸ்விஃப்டின் கீழ் வேரியண்டுகளில் 165/80 ஆர்14 டயர், மேல் வேரியண்டுகளில் 185/65 ஆர்15. இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் ரோட்டில் என்ன நடக்கும் என்று ஷோரூமிலேயே தெரிந்துவிடும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. 165இல் 80 சதவீதம் 132 மில்லிமீட்டர். 185இல் 65 சதவீதம் 120 மில்லிமீட்டர். வெளிச்சுற்று கிட்டத்தட்ட ஒன்றே. ரிம் பெரிதானதால் ரப்பர் 12 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியை வாங்குவது அந்த ரப்பரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான்.

அகலமான டயருக்கு ஆதாயமும் உண்டு. நாற்கரச் சாலையில் வளைவிலும் பிரேக்கிலும் பிடிப்பு கூடும். வாரா வாரம் சென்னைக்கு ஓட்டுகிறவர் அதற்குக் காசு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பள்ளத்தூருக்கும் கண்டனூருக்கும், கண்மாய்க் கரை ரோடுகளிலும், ஊருக்கு நான்கு வேகத்தடை இருக்கிற பாதைகளிலும் ஓடுகிற காருக்கு உயரமான பக்கச்சுவரே சுகம். பள்ளத்தில் இடித்தால் ஸ்டீல் ரிம் நசுங்கும், பஞ்சர் கடையில் தட்டி நிமிர்த்தலாம். அலாய் பல சமயம் விரிசல் விடும். விரிசல் விட்ட அலாயை வெல்டு வைத்து ஓட்டுவது ஆபத்து, மாற்றத்தான் வேண்டும். ஸ்டெப்னியையும் திறந்து பாருங்கள்: நான்கு அலாய் கொடுத்துவிட்டு ஐந்தாவதாகச் சின்ன ஸ்டீல் ரிம் வைத்திருக்கும் வேரியண்டுகள் நிறைய. அதைப் போட்டுக்கொண்டு வேகமாகப் போகக் கூடாது.

எல்இடி ஹெட்லைட்டுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இரவில் அடிக்கடி ஓட்டுகிறவருக்கு அது பெரிய உதவி. தெருவிளக்கு இல்லாத நீளமான ரோடுகள் நம் பக்கத்தில் அதிகம். மயிலும் மாடும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆனால் அதன் இன்னொரு முகத்தையும் தெரிந்து எடுக்க வேண்டும். ஹாலஜன் பல்பு போனால் சில நூறு ரூபாய், பஜாரிலேயே கிடைக்கும். எல்இடி போனால் பெரும்பாலும் முழு விளக்கையும் மாற்ற வேண்டும். ஹாலஜன் விளக்குக் கூட்டுக்குள் கடையில் விற்கிற எல்இடி பல்பைப் போடுவது இரண்டும் கெட்டான் வேலை: வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவரின் கண்ணைக் கூச வைக்கும், உங்கள் ரோடும் ஒழுங்காகத் தெரியாது.

சன்ரூஃப் பற்றி ஒரு வரி போதும். வருஷத்தில் ஒன்பது மாதம் தலைக்கு மேல் வெயில் அடிக்கிற ஊரில் கூரையில் கண்ணாடி வைப்பதற்குக் காசு கொடுப்பது அவரவர் இஷ்டம்.

இன்னொன்று இங்கே மட்டும் பெரிதாகத் தெரிகிற பிரச்சினை. உச்சி வேரியண்டில் ‘கனெக்டட் கார்’ என்று ஒரு வசதி வரும். கார் எங்கே நிற்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா என்று போனில் பார்க்கலாம். இதற்காக, கார் அணைந்திருக்கும்போதும் ஒரு கருவி விழித்துக்கொண்டே இருக்கும், பேட்டரியிலிருந்து சொட்டுச் சொட்டாக இழுக்கும். தினம் ஓடுகிற காரில் இது தெரியாது. பூட்டிய வீட்டின் கொட்டகையில் ஒன்றரை மாதம் நின்றுவிட்டுப் பொங்கலுக்குச் சாவி போடுகிற காரில் தெரியும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கிளம்புகிற அன்று மெக்கானிக்கைத் தேட வேண்டும். அந்த வசதியும் சில ஆண்டுகள்தான் இலவசம், பிறகு சந்தா.

கோடு எங்கே இருக்கிறது

இதுவரை சொன்னது பொருளின் மதிப்பு. இனி வரி. தமிழ்நாட்டில் எந்த வேரியண்ட் என்பதைப் பல சமயம் தீர்மானிக்க வேண்டியது இதுதான். ஷோரூமில் யாரும் வாய் திறக்காததும் இதைப் பற்றித்தான்.

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு கார்களுக்கான ஆயுள் வரியை மாற்றியது. அதற்கு முன் பத்து லட்சத்துக்குள் 10 சதவீதம், மேலே 15 சதவீதம். இப்போது ஐந்து லட்சம் வரை 12, ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13, பத்திலிருந்து இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். இது வருமான வரி போல் இல்லை. வருமான வரியில் வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே கோட்டைத் தாண்டினால் முழு விலைக்கும் 18 சதவீதம். 9,99,000 ரூபாய்க் காருக்கு வரி சுமார் 1.30 லட்சம். அதைவிட இரண்டாயிரம் கூடி 10,01,000 ஆனால் வரி 1.80 லட்சம். இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு ஐம்பதாயிரம் வரி.

இதோடு பத்து லட்சத்தைத் தாண்டிய காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ் என்று ஷோரூமில் பிடிப்பார்கள். அது வருமான வரியில் கழித்துக்கொள்ளக்கூடியது, ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்ப வரும். கணக்குத் தாக்கல் செய்யாத பெரியவர் பெயரில் பில் போட்டால் அப்படியே கிடக்கும்.

இந்தக் கோடு 2025 செப்டம்பர் 22 முதல் வேறு வேரியண்டுகளின் மேல் விழ ஆரம்பித்தது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு அதுவரை ஜிஎஸ்டி 28 சதவீதமும் செஸ் 1 சதவீதமும் சேர்த்து 29 இருந்தது, அன்றிலிருந்து 18. முன்பு 10.40 லட்சம் இருந்த ஒரு வேரியண்ட், குறைப்பு முழுவதும் விலையில் இறங்கியிருந்தால், 9.51 லட்சத்துக்கு வரும். அதாவது 18 சதவீத வரிக்காரன் 13 சதவீத வரிக்காரன் ஆகிவிட்டான். அதனால் அதற்கு முன் யாராவது ‘இந்த மாடல்ல டாப் வேண்டாம், பத்து லட்சத்தைத் தாண்டுது’ என்று சொல்லியிருந்தால், அந்த யோசனை காலாவதி. புது விலைப்பட்டியலை வாங்கி எந்தப் படியில் பத்து லட்சம் தாண்டுகிறது என்று பேனாவால் ஒரு கோடு போடுங்கள்.

கானாடுகாத்தானில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சமீபத்தில் இப்படி ஒரு பட்டியலோடு உட்கார்ந்தது. புரிவதற்காக எண்களை முழுமையாக்கித் தருகிறேன். பெட்ரோல் ஹேட்ச்பேக், ஐந்து படி: எக்ஸ் ஷோரூம் விலை 6.50, 7.40, 8.30, 9.20 லட்சம், உச்சிப் படி 9.95 லட்சம், அதிலேயே கறுப்புக் கூரை போட்ட இரட்டை நிறம் என்றால் 10.10 லட்சம். ஊரில் இருப்பது ஓய்வுபெற்ற தம்பதி. மகன் சிங்கப்பூரிலிருந்து போனில், “எதுக்கு யோசிக்கிறீக அப்பச்சி, டாப்பையே எடுங்க, கறுப்புக் கூரைதான் எடுப்பா இருக்கு” என்றார். அப்பச்சி கால்குலேட்டரை எடுத்தார்.

முதலில் கூரை. 9.95 லட்சத்துக்கு 13 சதவீதம் 1,29,350 ரூபாய் வரி. 10.10 லட்சத்துக்கு 18 சதவீதம் 1,81,800. நிறத்தின் விலை 15,000, அது இழுத்துவந்த வரி 52,450. கறுப்புப் பெயிண்டுக்கு 67,450 ரூபாய். அதோடு கூரை கறுப்பாக இருந்தால் வெயிலில் சூடும் கூடும்.

பிறகு உச்சிப் படிக்கும் மூன்றாம் படிக்கும் உள்ள இடைவெளி. மகன் கேட்ட 10.10 லட்சத்துக்கும் மூன்றாம் படியின் 8.30 லட்சத்துக்கும் 1.80 லட்சம் வித்தியாசம். மூன்றாம் படிக்கு வரி 1,07,900. ஆக வரியில் மட்டும் 73,900 கூடுதல். இரண்டும் சேர்ந்து 2.54 லட்சம் நெருக்கம். இன்ஷூரன்ஸ் கூடுவது தனி. இந்த 2.54 லட்சத்தைக் கடனில் போட்டால், 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு மாதம் சுமார் 5,270 ரூபாய், மொத்தம் 3.16 லட்சம். அந்தக் காசுக்கு மூன்றாம் படியில் இல்லாமல் உச்சியில் இருப்பவை: அலாய், எல்இடி விளக்கு, குரூஸ் கன்ட்ரோல், ஆட்டோமேட்டிக் ஏசி, பெரிய ஸ்கிரீன், நான்கு பக்கக் கேமரா, சன்ரூஃப், கனெக்டட் வசதி. ஆறு ஏர்பேக், இஎஸ்சி, பின் ஏசி துவாரம், சீட் உயரம், வைப்பர், டீஃபாகர் எல்லாம் மூன்றாம் படியிலேயே வந்துவிட்டன.

“விக்கும்போது டாப்புக்கு நல்ல விலை கிடைக்கும்ல?” என்று மகன் விடவில்லை. இதற்கும் ஒரு கணக்கு உண்டு. இன்ஷூரன்ஸில் காரின் மதிப்பைக் குறைக்கிற அட்டவணைப்படி, நான்கு வருஷத்தைத் தாண்டிய ஐந்தாம் வருஷத்தில் பாதி மதிப்பு. 1.80 லட்சம் விலை வித்தியாசம் 90,000 ஆகிவிடும். கட்டிய வரியும் வட்டியும் கணக்கிலேயே வராது. பழைய கார் வாங்குகிறவர் நடைமுறையில் அதைவிடவும் குறைத்துத்தான் பேசுவார். எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர் என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி.

நான்காம் படியைத்தான் அவர்கள் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். மூன்றுக்கு மேல் 90,000, வரி 11,700. எல்இடி விளக்கும் குரூஸும் அலாயும் வரும். அப்பச்சி இரவில் ஓட்டுவதில்லை, சென்னைக்குப் போனால் டிரைவர் வருவார். வேண்டாம் என்று முடித்தார்கள். இதே இடத்தில் தினமும் காரைக்குடியிலிருந்து திருச்சிக்கு வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிற ஒருவர் இருந்திருந்தால், நான்காம் படியைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன். கியர் மாற்றி மாற்றிக் கால் வலிக்கிற வயது என்றால், நான்காம் படி மேனுவலுக்குக் கொடுக்கிற காசில் மூன்றாம் படியிலேயே கியரைத் தானாக மாற்றும் ஏஎம்டி வருமா என்று பார்ப்பதும் நல்ல யோசனை. பல மாடல்களில் வரும்.

பில்லின் கீழ்ப்பகுதி

படியைத் தேர்ந்த பிறகு இன்னொரு கட்டம் இருக்கிறது. கொட்டேஷனின் கீழே ‘பேசிக் கிட்’, ‘அக்சஸரீஸ் பேக்கேஜ்’, ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’, ‘டெஃப்லான் கோட்டிங்’, ‘அண்டர்பாடி கோட்டிங்’ என்று நான்கைந்து செலவுகள் வரும். இங்கே மேல் வேரியண்ட், கீழ் வேரியண்ட் என்ற வேறுபாடே கிடையாது, எல்லாருக்கும் ஒட்டிவிடுவார்கள்.

இவற்றில் வெறுமனே விலை ஏற்றுவது மட்டுமல்லாமல் தீங்கும் செய்கிற பொருள் சீட் கவர். பக்கவாட்டு ஏர்பேக் முன்சீட்டின் ஓரத்துக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சீட்டின் வெளி ஓரத்தில் சின்னதாக ஏர்பேக் என்று எழுதிய பட்டி தொங்கினால் உள்ளே இருக்கிறது என்று பொருள். மோதலின் கணத்தில் அது தையலைப் பிளந்துகொண்டு வெளியே வர வேண்டும். அதன் மேல் கனமான ரெக்ஸின் கவரை இறுக்கித் தைத்துவிட்டால் அது விரியத் தாமதமாகும், அல்லது வேறு பக்கம் விரியும். ஆறு ஏர்பேக் உள்ள காரை வாங்கி, அதே நாளில் இரண்டை அடைத்துவிடுவது இப்படித்தான் நடக்கிறது. கவர் வேண்டியே ஆக வேண்டும் என்றால் ஏர்பேக் பக்கம் திறந்தோ, எளிதில் பிரிகிற தையலோடோ செய்த கவரைக் கேட்டு வாங்க வேண்டும். முன்பக்கம் இரும்புக் கம்பி கிராஷ் கார்டு மாட்டுவதை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. அதுவும் சென்சார் மோதலை உணர்வதைக் கெடுக்கும்.

அண்டர்பாடி கோட்டிங் கடலோரம் நிரந்தரமாக நிற்கிற காருக்குப் பயன்படலாம். செட்டிநாடு கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. பாக்டரியிலேயே துருத்தடுப்புப் பூச்சு போட்டுத்தான் வண்டி வருகிறது. ராமேஸ்வரம் போய்விட்டு வந்தால் அடியில் நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும். டெஃப்லான் பளபளப்பு சில மாதத்தில் போய்விடும்.

ஹேண்ட்லிங் சார்ஜ் எந்தக் கணக்கிலும் சேராதது. எக்ஸ் ஷோரூம் விலை என்றாலே வண்டி ஷோரூம் வாசலுக்கு வந்து நிற்கிற விலைதான். அந்தத் தொகையை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மாட்டேன் என்றால் எதற்காக என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் குரல் இறங்கும்.

இன்ஷூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்குக் கட்டாயம். சொந்தச் சேதத்துக்கான பகுதி ஒரு வருஷம் எடுத்தால் போதும். இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டு ஷோரூமில் அதே காப்பீட்டு மதிப்பைச் சொல்லிப் பேசினால் ஆயிரக்கணக்கில் இறங்குவது வழக்கம். மதிப்பு ஒன்றுதானா என்று பார்ப்பது முக்கியம்: புதுக் காருக்கு எக்ஸ் ஷோரூம் விலையில் 95 சதவீதம் இருக்க வேண்டும். அதைக் குறைத்துக் காட்டி ‘மலிவு’ என்பார்கள். தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தருகிற ஜீரோ டிப்ரிஸியேஷன் மட்டும் முதல் ஐந்து வருஷத்துக்குக் காசுக்கு ஏற்ற பொருள். பம்பரும் விளக்கும் பிளாஸ்டிக்காக இருக்கிற காலத்தில் அது இல்லாமல் கிளெய்ம் போட்டால் அந்தப் பாகங்களின் விலையில் பாதிதான் கைக்கு வரும். நீட்டிப்பு வாரண்டி ஊரில் நின்று நின்று ஓடுகிற காருக்குப் பரவாயில்லை ரகம். வாங்குகிற நாளிலேயே எடுக்க வேண்டியதில்லை, முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வரை சேரலாம் என்று கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

பணம் கட்டுமுன் பில்லில் எழுதியிருக்கிற வேரியண்ட் பெயரும் வண்டியில் இருக்கிற பொருளும் ஒன்றுதானா என்று ஒருமுறை சரிபாருங்கள்: பின் ஏசி துவாரம், வைப்பர், சீட் ஓரத்து ஏர்பேக் பட்டி, ஸ்டெப்னி. கானாடுகாத்தான் குடும்பம் மூன்றாம் படியை வெள்ளை நிறத்தில், அக்சஸரீஸ் பகுதி முழுவதையும் அடித்துவிட்டு எடுத்தது. மிதியடி மட்டும் காரைக்குடி பஜாரில் வாங்கினார்கள்.